தறியில் 24 அங்குலம், இறக்கியபின் 21: டிசைன் படிப்புக்கான ஸ்டேட்மென்ட் பற்றி

கேள்வி: எனக்கு 19 வயது. ஊர் பவானி பக்கம். பிளஸ் டூ முடித்துவிட்டு கோயம்புத்தூரில் டெக்ஸ்டைல் டிசைன் டிப்ளமா படிக்கிறேன். இங்கிலாந்தில் பி.ஏ. டெக்ஸ்டைல் டிசைன் படிக்க, அங்குள்ள பொதுச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் வழியாக விண்ணப்பிக்கப் போகிறேன். போர்ட்ஃபோலியோ 14 பக்கம் தயார். ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தர வேண்டிய ஸ்டேட்மென்ட்டை மூன்று தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் படத்துக்குப் படம் விளக்கம் எழுதியது போலவே வருகிறது. எங்கள் மேடம் படித்துவிட்டு, "இதெல்லாம் படத்துலயே தெரியுதேம்மா" என்றார். படத்தில் இருப்பதை எழுதக்கூடாது என்றால் வேறு எதைத்தான் எழுதுவது? மூன்றாவது வரைவையும் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் வரைவை இரண்டு தடவை படித்தேன். 14 பக்கங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன்பிறகு நாம் போனில் அரை மணி நேரம் பேசினோமே, அப்போது நீங்கள் சொன்ன விஷயங்களில் முக்கியமானவை வரைவிலும் இல்லை, படங்களிலும் இல்லை. பனியன் துண்டில் நெய்த ஜமக்காளம் சுருங்கிப்போனதைச் சொன்னீர்கள். அத்தை உங்கள் கிராஃப் பேப்பரைப் பார்த்துவிட்டு நான்கு நிறங்களை அடித்துவிட்டதைச் சொன்னீர்கள். இரண்டையும் பேச்சுவாக்கில், இது ஒன்றும் பெரிதில்லை என்பது போலச் சொன்னீர்கள். எனக்கோ உங்கள் ஸ்டேட்மென்ட் அந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது என்று பட்டது.

ஒரு டிசைன் கல்லூரியின் சேர்க்கைக் குழுவில் சில வருடங்கள் இருந்தவன் என்ற முறையில், படிக்கிறவர் கையில் இது எப்படிப் போய்ச் சேரும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யூகாஸ் படிவத்தில் படம் எதையும் சேர்க்க முடியாது. வெறும் எழுத்துத்தான், தடித்த எழுத்துக்கூட வராது. நீங்கள் ஐந்து படிப்புகள்வரை தேர்ந்தெடுக்கலாம்; ஐந்துக்கும் ஒரே ஸ்டேட்மென்ட்தான் போகும். போர்ட்ஃபோலியோவை அந்தந்தக் கல்லூரி பிறகு தனியாகக் கேட்டு வாங்கும். ஒரு கல்லூரி 10 பக்கம் கேட்கும், இன்னொன்று 20 கேட்கும், பக்க வரிசையும் மாறலாம். அதாவது உங்கள் எழுத்தைப் படிக்கும் நேரத்தில் படம் அவர் எதிரில் இல்லாமல் இருக்கலாம். இல்லையென்றால் படத்தைப் பார்த்து முடித்த பிறகு எழுத்துக்கு வருவார். இரண்டில் எது நடந்தாலும் எழுத்து நிற்க வேண்டும். உங்கள் வரைவில் "7ஆம் பக்கத்தில் உள்ள படைப்பில்" என்று நான்கு இடத்தில் வருகிறது. நான்கையும் எடுத்துவிடுங்கள். "பனியன் துண்டில் நெய்த ஜமக்காளம்" என்று எழுதினால் போதும். போர்ட்ஃபோலியோவில் அது எந்தப் பக்கத்தில் இருந்தாலும் பார்த்தவுடன் தெரிந்துகொள்வார்கள்.

இப்போது உங்கள் வரைவிலிருந்து ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே தமிழில் தருகிறேன்:

"இந்த ஜமக்காளத்தில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் பட்டைகள் மாறி மாறி வருகின்றன. பனியன் துணியைப் பட்டை பட்டையாக வெட்டி ஊடையாகப் பயன்படுத்தினேன். இதன் மேற்பரப்பு சொரசொரப்பாகவும் தடிமனாகவும் இருக்கிறது. பாரம்பரியமும் நவீனமும் இதில் அழகாக ஒன்றுசேர்கின்றன. கழிவை மறுபயன்பாடு செய்வதில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு."

படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள். பட்டைகளின் நிறம் படத்தில் தெரிகிறது. சொரசொரப்பு நன்றாகவே தெரிகிறது, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்திருக்கிறீர்கள். பனியன் துணி என்பது படத்தின் கீழே உள்ள குறிப்பில் பொருள், அளவு, வருடம் எழுதும் இடத்தில் வந்துவிடுகிறது. பாரம்பரியமும் நவீனமும் என்ற வரி வேறு யாருடைய எந்தப் படத்துக்கும் பொருந்தும். ஆர்வம் உண்டு என்பதை எவராலும் சரிபார்க்க முடியாது. ஆக ஐந்து வரியில் ஒன்றுகூட அந்தப் படத்தைப் பார்த்த ஒருவருக்குப் புதிதாக எதையும் தரவில்லை. படத்தைப் பார்க்காத ஒருவருக்கோ, கண்ணை மூடிக்கொண்டு பட்டைகளைக் கற்பனை செய்யும் வேலையைத் தருகிறது. இரண்டு பேருக்கும் பயனில்லை.

சரி, அந்தப் படத்தில் தெரியாதது என்ன? நீங்களே போனில் சொன்னதுதான். ஜமக்காள நெசவில் குறுக்கே போகும் ஊடை நெருக்கி அடிக்கப்பட்டு, நீளவாக்கில் ஓடும் பாவை முழுக்க மூடிவிடும். அதனால் பாவில் நீங்கள் செய்த மாற்றம் எதுவும் வெளியே தெரியாது. தடித்த துண்டு உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காகப் பாவு இழைகளை வழக்கத்தைவிடத் தள்ளித் தள்ளி வைத்தீர்கள். அதை எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது. அடுத்தது, தறியில் 24 அங்குல அகலம் இருந்த முதல் துணி, இறக்கி வைத்த மறுநாள் 21 அங்குலமாகச் சுருங்கியது. கை பழகவில்லை என்று நினைத்து இரண்டாவதையும் அப்படியே நெய்தீர்கள். அதுவும் சுருங்கியது. அப்புறம்தான் காரணம் பிடிபட்டது. பருத்தி நூலுக்குப் பழகிய கை அதே இழுப்பில் பனியன் துண்டையும் இழுத்திருக்கிறது. நூல் அவ்வளவாக நீளாது. பனியன் பின்னல் துணி, கண்ணி கண்ணியாகக் கோத்தது. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். போதாததற்கு உருண்டையாக இறுக்கிச் சுற்றி வைத்திருந்ததால் தறிக்கு வரும்போதே பாதி நீண்டுபோய்த்தான் வந்தது. மூன்றாவது துணிக்குத் துண்டுகளைத் தளர்வாகக் குவித்து வைத்தீர்கள், ஊடையை வளைவாகப் போட்டு அடித்தீர்கள். அது 23 அங்குலத்தில் நின்றது. போர்ட்ஃபோலியோவில் இருப்பது அந்த மூன்றாவதுதான்.

அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அது சாதாரணமாக நெய்த ஒரு நல்ல துணி. முதல் இரண்டும் அவர் கண்ணில் படவே இல்லை. நீங்கள் ஒரு பொருளோடு மல்லுக்கட்டி, காரணத்தைத் தவறாக ஊகித்து, பிறகு திருத்திக்கொண்டவர் என்பது அவருக்குத் தெரியாது. மூன்று வருடம் பட்டறையில் யாரை வைத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று யோசிக்கிற ஆசிரியருக்கு அதுதான் தெரிந்தாக வேண்டியது.

அந்த ஐந்து வரியின் இடத்தில் இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"திருப்பூர் பனியன் கழிவை ஊடையாக வைத்து ஜமக்காளம் நெய்தேன். தறியில் 24 அங்குலம் இருந்த துணி, இறக்கிய மறுநாள் 21 அங்குலமாகிவிட்டது. என் கை பழகவில்லை என்று நினைத்து மறுபடி நெய்தேன், மறுபடியும் சுருங்கியது. நான் நூலைக் கையாள்வது போலப் பின்னல் துணியைக் கையாண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது துணியில் துண்டை இழுக்காமல் வளைவாகப் போட்டேன். ஒரு அங்குலம் மட்டும் குறைந்தது. அந்த ஒரு அங்குலத்தை இன்னும் என்னால் நிறுத்த முடியவில்லை. இப்போது அதை நிறுத்தத்தான் வேண்டுமா என்று யோசிக்கிறேன். நூல் பட்டையும் பனியன் பட்டையும் மாறி மாறி வந்தால் ஒன்று அகலமாக நிற்கும், மற்றது உள்ளே போகும். வெட்டாமலே வளைந்த கரை கிடைக்கும்."

நிறம் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. தடிமன், சொரசொரப்பு, அழகு எதுவும் இல்லை. ஆனாலும் இதைப் படித்துவிட்டுப் படத்தைத் திறப்பவர் நேராகக் கரையைத்தான் பார்ப்பார், அது நேராக இருக்கிறதா என்று. படத்தை முதலில் பார்த்தவரும் திரும்பிப் போய்ப் பார்ப்பார். துணை நிற்கும் எழுத்து என்று நான் சொல்வது இதைத்தான். இரண்டு பேரில் யாரும் உங்களிடம், "இது படத்திலேயே தெரியுதே" என்று சொல்ல மாட்டார்கள்.

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். அவை நீங்கள் போனில், "அக்கா கேட்டா, அப்படியே விட்டா வளைஞ்ச மாதிரி வருமில்லன்னு" என்று சிரித்துக்கொண்டே சொன்னதிலிருந்து வந்தவை. அக்கா கேட்ட அந்தக் கேள்விதான் நீங்கள் ஏன் இந்தப் படிப்புக்குப் போகிறீர்கள் என்பதற்கான பதில். நெசவும் பின்னலும் ஒன்றை ஒன்று இழுக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே கற்க வேண்டும். இங்கிலாந்தின் பல டெக்ஸ்டைல் பட்டப் படிப்புகளில் முதல் வருடம் நெசவு, பின்னல், அச்சு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்களுக்கு அது ஏன் தேவை என்பதற்கு உங்கள் கையிலேயே காரணம் இருக்கிறது. "உலகத்தரமான கல்வி" என்று வரைவில் எழுதியிருக்கும் வரியை அடித்துவிட்டு இதை எழுதுங்கள். கல்லூரிப் பெயர் எதையும் எழுத வேண்டாம், ஐந்து பேரும் இதையேதான் படிக்கப் போகிறார்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து படிப்பிலும் பின்னல் பட்டறை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இல்லையென்றால் அந்த இடத்தில் உங்கள் கட்டுரையே உங்களுக்கு எதிராக நிற்கும்.

அடுத்து, நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டிய இடம். 3, 4 பக்கங்களில் இருக்கும் பெரிய ஜமக்காளத்தை "நான் உருவாக்கிய ஜமக்காளம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நெய்தது மாமாவும் அத்தையும் என்று போனில் சொன்னீர்கள். நீங்கள் ஏமாற்ற நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். டிசைன் வகுப்பில் கிராஃப் போட்டவர் பெயரில்தான் எல்லாம் போகிறது, அந்தப் பழக்கம்தான். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அது யார் கை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. துணியில் இது இன்னும் கடினம். அதனால் யார் எதைச் செய்தார் என்பது எழுத்து மட்டுமே சொல்லக்கூடிய விஷயம். எழுத்து அதைச் சொல்லாவிட்டால் படம் பொய்யாகிவிடுகிறது. நேர்காணலில், "இவ்வளவு அகலமான தறியில் நாடாவை எப்படிக் கடத்தினீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்: "வண்ண அமைப்பு என்னுடையது; நெசவு என் மாமா, அத்தை." அந்த வரியால் உங்கள் மதிப்பு குறையாது. என்னைப் போன்றவர்களுக்கு அதைப் படித்தால் மீதிப் பக்கங்களின் மேலும் நம்பிக்கை வரும்.

அதைச் சொல்லிவிட்டீர்கள் என்றால், அந்த ஜமக்காளத்தில் உங்களுடையது என்ன என்பதும் தெளிவாகிவிடும். நீங்கள் கிராஃபில் 11 நிறம் போட்டுக்கொண்டு போனீர்கள். அத்தை பார்த்துவிட்டு, "இத்தன நெறம் மாத்துனா ஒரு நாளைக்குப் பாதிகூட ஓடாது கண்ணு" என்று நான்கை அடித்துவிட்டார். உங்களுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அந்தக் கிராஃபைத் தொடவில்லை. அப்புறம் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிறம் மாறும்போது எவ்வளவு நேரம் போகிறது என்று கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தீர்கள். பிறகு ஏழு நிறத்தை வைத்துக்கொண்டு, பட்டைகளின் அகலத்தை மாற்றி அதே அடர்த்தியைக் கொண்டுவந்தீர்கள். படத்தில் இருப்பது ஏழு நிறம். அதற்கு முன்னால் இருந்த பதினொன்று படத்தில் இல்லை. நிறம் மாற்றுவதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் கொடுக்கிறார் என்பதை ஒரு 19 வயதுப் பெண் கண்ணால் பார்த்து, அதற்கேற்ப டிசைனை மாற்றினாள் என்பதும் படத்தில் இல்லை. இதை நான்கே வரியில் எழுதுங்கள். கோபத்தையும் எழுதலாம். "என் அத்தையின் உழைப்பு எனக்கு உத்வேகம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அத்தை உங்களுக்கு உத்வேகம் தரவில்லை. உங்கள் டிசைனில் ஒரு தவறைக் காட்டினார். அது எவ்வளவோ பெரிய காரியம்.

பவானி ஜமக்காளத்தின் வரலாறு, புவிசார் குறியீடு பெற்றது, அழிந்துவரும் கைத்தொழில் என்றெல்லாம் முதல் பத்தி முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் 600 எழுத்துக்கு மேல் போயிருக்கிறது. படிப்பவருக்கு ஜமக்காளம் என்றால் என்னவென்று தெரியாதே என்ற கவலை நியாயமானதுதான். "பாவை மூடும்படி தடித்த ஊடையால் நெய்யப்படும், பவானியின் பட்டை போட்ட தரைவிரிப்பு" என்று ஒரே வரி போதும். துணி படித்தவருக்கு அதிலேயே முழுக்கப் புரிந்துவிடும்.

ஆனி ஆல்பர்ஸ் பற்றி: "பௌஹவுஸ் நெசவாளர் ஆனி ஆல்பர்ஸ் என்னை மிகவும் கவர்ந்தவர்" என்று ஒரு வரி இருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பெயர் மட்டும் வந்தால் அது இணையத்தில் தேடியதா, உண்மையில் பார்த்ததா என்று சொல்ல முடியாது. எதைப் பார்த்தீர்கள், பார்த்ததால் உங்கள் வேலையில் எது மாறியது, இந்த இரண்டும் வந்தால்தான் பெயருக்கு இடம். எது பிடித்தது என்று நான் கேட்டபோது, ஜெர்மனியின் பெர்னாவ் நகரில் ஒரு தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்துக்காக அவர் செய்த சுவர்த்துணியைச் சொன்னீர்கள். அதில் செலோஃபேன் சேர்த்து நெய்த முகப்பு வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும், பின்பக்கம் ஒலியை வாங்கிக்கொள்ளும். பௌஹவுஸ் என்ற ஜெர்மன் டிசைன் பள்ளியில் அவருடைய பட்டத்துக்கான வேலை அது. "துணி எப்படி இருக்கணும்னு நெனைக்கறதுக்கு முன்னாடி என்ன வேலை செய்யணும்னு நெனைச்சிருக்காங்க, எனக்கு அப்படித் தோணவே இல்ல" என்றீர்கள். எழுத வேண்டியது அந்த வரிதான். தோன்றவே இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் பனியன் ஜமக்காளம் நூல் ஜமக்காளத்தைவிட மெத்தென்று இருப்பதால் கீழ்வீட்டுக்குச் சத்தம் குறைகிறது என்று அம்மா சொன்னதாகவும் ஒரு பேச்சு வந்தது. அதை நீங்கள் அளந்து பார்க்கவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல வேண்டாம். "இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன்" என்று எழுதலாம்.

இனி படிவத்துக்கு வருவோம். 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் ஸ்டேட்மென்ட் ஒரே நீளக் கட்டுரையாக இல்லை. மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்பது முதல் கேள்வி. உங்கள் படிப்பும் தேர்ச்சிகளும் இதற்கு உங்களை எப்படித் தயார் செய்தன என்பது இரண்டாவது. கல்விக்கு வெளியே வேறு என்ன செய்து தயாரானீர்கள், அது ஏன் பயன்படும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து 4000 எழுத்து, இடைவெளியையும் எண்ணுவார்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்தாவது வேண்டும். மற்றபடி எதற்கு எவ்வளவு என்பது உங்கள் விருப்பம். உங்கள் வரைவு பழைய முறையில் இருக்கிறது, யாரோ முன்பு எழுதிய மாதிரியைப் பார்த்து எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் விஷயத்தில் பனியன் துணியும் அத்தையின் கிராஃபும் வீட்டுத் தறியில் நடந்தவை, ஆக அவை மூன்றாவது கேள்விக்குப் போகும். அதற்கே அதிக இடம் கொடுங்கள், 1700 எழுத்து வரை போகலாம். முதல் கேள்விக்கு அந்த வளைந்த கரையையும் ஆல்பர்ஸையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பதிலையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் படிப்பார்கள் என்பதால் ஒரே சம்பவத்தை இரண்டு இடத்தில் சொல்ல வேண்டாம். சுருங்கிய கதை மூன்றாவதில் வந்தால், முதலாவதில் "நெசவும் பின்னலும் சேர்ந்த துணி எப்படி நடந்துகொள்ளும்" என்ற கேள்வி மட்டும் வரட்டும். இரண்டாவது கேள்விக்கு டிப்ளமாவிலிருந்து ஒன்றே ஒன்றை எடுங்கள். பாடப் பட்டியல் வேண்டாம், அது சான்றிதழில் வந்துவிடும். சாயப் பட்டறை நோட்டில் ஒரே கலவையை நான்கு தடவை போட்டும் நான்கு சிவப்பு வந்ததாகவும், அப்புறம் துணியின் எடையை எழுதாமல் விட்டதைக் கண்டுபிடித்ததாகவும் சொன்னீர்களே, அது போதும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு வழி. என்னிடம் போனில் பேசியது போலவே ஒவ்வொரு வேலையைப் பற்றியும் அக்காவிடம் தமிழில் சொல்லுங்கள்; செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதைக் கேட்டுக்கொண்டே எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். மூன்றாவது வரைவில் உள்ள பெரிய சொற்கள் வேறு யாரோ செப்பனிட்டது போல இருக்கின்றன. பிழை திருத்தித் தரச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் வாக்கியம் உங்களுடையதாக இருக்க வேண்டும், ஏனென்றால் நேர்காணலில் அந்த வாக்கியத்தை வைத்துத்தான் கேள்வி வரும். மற்றவருடைய ஸ்டேட்மென்ட்டிலிருந்து ஒரு வரியைக்கூட எடுக்காதீர்கள். யூகாஸ் எல்லா ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது, ஒத்துப்போனால் கல்லூரிக்குத் தகவல் போகும்.

எழுதி முடித்ததும் இரண்டு விதமாகச் சரிபாருங்கள். ஒன்று, மேலே செய்ததுதான்: படத்தைப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய வரி எது இருந்தாலும் போகட்டும். இரண்டாவது அதற்கு நேர் எதிரானது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படங்களில் எந்த இடத்திலும் கால் ஊன்றாத வரியும் போகட்டும். உங்கள் வரைவின் முடிவில் இயற்கைச் சாயம் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. 14 பக்கத்தில் இயற்கைச் சாயம் ஒரு இடத்தில்கூட இல்லை. கேட்டால், செய்ய ஆசை என்றீர்கள். ஆசையாகவே இருக்கட்டும், அதற்கு ஸ்டேட்மென்ட்டில் இடமில்லை. படத்தைத் திரும்பச் சொல்லும் எழுத்தால் நேரம்தான் வீணாகும். படத்தில் இல்லாததைச் சொந்தம் கொண்டாடும் எழுத்தால் சந்தேகம் வரும். இரண்டில் இதுதான் அதிகக் கெடுதல்.

கடைசியாகப் போர்ட்ஃபோலியோவில் ஒரு மாற்றம். ஸ்டேட்மென்ட்டில் சுருங்கிய கதை வந்துவிட்டால் அதற்கு ஒரு சாட்சி வேண்டும். முதல் துணியைத் தூக்கிப் போடவில்லை, அரிசி மூட்டைக்குக் கீழே விரித்திருக்கிறோம் என்றீர்கள். அதை எடுத்து உதறி, மூன்றாவது துணியின் பக்கத்தில் தரையில் விரியுங்கள். இரண்டின் குறுக்கேயும் டேப்பை நீட்டி வையுங்கள், எண்கள் தெரிய வேண்டும். நேர் மேலிருந்து எடுங்கள், இல்லையென்றால் அகலம் பொய்யாகத் தெரியும். காலை வெயில் உள்ளே வருவதற்கு முன்னால், வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எடுத்தால் நிழல் விழாது. 7ஆம் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இதை வைத்துவிட்டு, 12ஆம் பக்கத்தில் இருக்கும் பூக்கோலப் பென்சில் படத்தை எடுத்துவிடுங்கள். அது வேறு ஒருவருடைய போர்ட்ஃபோலியோவிலிருந்து தப்பி வந்தது போல இருக்கிறது. புதுப் படத்தின் கீழே விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். "முதல் துணி, 21 அங்குலம். மூன்றாவது துணி, 23 அங்குலம்." அவ்வளவுதான். கரையை மட்டும் வெட்டிவிடாமல் முழுதாக எடுங்கள், அவர்கள் அதைத்தான் தேடிப் பார்ப்பார்கள்.